காயில் கருகினால் வாரண்டி இல்லையா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் வீட்டுக்குப் பிரஷர் பம்ப் வாங்கினோம். கடைக்காரர் அனுப்பிய ஆளே பொருத்தினார். சில வாரங்களாகக் குழாயைத் திறந்தால் ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. போன வாரம் காயில் கருகிவிட்டது. ஓராண்டு வாரண்டி இருந்தும், "கரண்ட் ஏற்ற இறக்கத்தால் எரிந்தது, வாரண்டி வராது" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகர், பசுமலை

பதில்: போடலாம். ஆனால் காயில் ஏன் கருகியது என்பதைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

பம்புடன் இருக்கும் சிறு தொட்டிக்குள் ரப்பர் பையும், அதைச் சுற்றி அழுத்தக் காற்றும் இருக்கும். குழாயைத் திறந்ததும் அந்தக் காற்றுதான் முதலில் தண்ணீரைத் தள்ளும். அதனால் மோட்டார் உடனே ஓட வேண்டியதில்லை. காற்று இறங்கிவிட்டாலோ பை கிழிந்துவிட்டாலோ, ஒரு குவளை தண்ணீர் பிடிப்பதற்குள் அழுத்தம் விழுந்து சுவிட்ச் மோட்டாரைக் கிளப்பும். அடுத்த கணமே அழுத்தம் ஏறி நிறுத்தும். மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கிறது. காயிலில் பிறக்கும் வெப்பமோ மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆறு மடங்கு என்றால் 36 மடங்கு. ஆறு விநாடிக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 600 தடவை. ஆறுவதற்கு நேரமே இல்லாமல் காயிலின் காப்புப் பூச்சு வெந்துவிடும். எனவே "ஏற்ற இறக்கம்" என்ற ஒற்றை வார்த்தையை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தபின் தொட்டியின் காற்று வால்வை மெக்கானிக் அழுத்திப் பார்க்கட்டும். தண்ணீர் வந்தால் பை கிழிந்திருக்கிறது. காற்று அறவே இல்லையென்றால் அதுவும் சான்றுதான். வீடியோ எடுத்து வையுங்கள். குழாய்களெல்லாம் மூடியிருக்கும்போதும் மோட்டார் கிளம்பிக்கொண்டிருந்தது என்றால் மட்டும் கதை வேறு: உங்கள் வீட்டுக் குழாயில் எங்கோ கசிவு இருந்திருக்கலாம், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் "பொருள் பொறுப்பு" பிரிவுகளின்கீழ் கேட்காதீர்கள். பொருளுக்கே நேர்ந்த சேதத்தை அது இழப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. பொருளின் குறைபாடு, பொருத்தியதில் சேவைக் குறைபாடு என்று கடைக்காரர், தயாரிப்பாளர் இருவர் மீதும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மோட்டாரை ஆய்வகத்துக்கு அனுப்ப 38-வது பிரிவு வழி செய்கிறது. அதற்கான செலவை உங்களையே முதலில் கட்டச் சொல்லலாம்.

"கோளாறு தெரிந்தும் ஏன் ஓட்டினீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போதே கடைக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியே உங்கள் பலம். தீர்வு கிடைக்கும்வரை மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். கருகிய காயிலை உரித்தெடுத்துவிட்டால் ஆய்வகம் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.