கொட்டிலில் வளரும் கிடாக்குட்டிகள்

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் மேய்ந்து வளர்வது மேச்சேரி இனச் செம்மறியாடு. இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இவ்வினத்திற்கெனப் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. தாய்ப்பால் மறந்த மூன்று மாதக் கிடாக்குட்டிகளை வாங்கி, மேய்ச்சலுக்கு அனுப்பாமல் கொட்டிலிலேயே தீவனமளித்து, மேலும் மூன்று மாதங்களில் எடைகூட்டி விற்பது கொழுக்க வைக்கும் முறையாகும்.

குட்டி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி இடம் வேண்டும். வந்தவுடன் குடற்புழு நீக்க மருந்து அளித்து, துள்ளுமாரி நோய்க்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போடுதல் வேண்டும். மக்காச்சோளம் நாற்பது பங்கு, கடலைப்புண்ணாக்கு இருபத்தைந்து, தவிடு முப்பத்திரண்டு, தாது உப்புக் கலவை இரண்டு, உப்பு ஒரு பங்கு எனக் கலந்தால் அடர்தீவனம் கிடைக்கும். இதனை நாளொன்றுக்கு ஐம்பது கிராமில் தொடங்கி, இரண்டு வாரங்களில் முந்நூறு கிராமாக உயர்த்தலாம். இத்துடன் வேலிமசால், தீவனச்சோளம் போன்ற பசுந்தீவனம் இரண்டு கிலோவும், கடலைக்கொடி கால் கிலோவும் தேவை.

விரைவில் கொழுக்க வைக்கும் ஆவலில் தானியத்தை ஒரேயடியாகக் கூட்டினால் இரைப்பையில் அமிலம் மிகும். குட்டி தீவனம் தின்னாமல், அசைபோடாமல், கழிச்சலுடன் சோர்ந்து படுக்கும். அந்நிலையில் தானியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை நாடவேண்டும். அடர்தீவனம் தின்னும் கிடாக்களுக்குச் சிறுநீர்க்கல்லும் வரக்கூடும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிப்பதே அதன் அறிகுறி. உப்பும் தட்டில்லாத தண்ணீரும் இதனைப் பெருமளவு தடுக்கும்.

பன்னிரண்டு கிலோ எடையுள்ள பத்துக் குட்டிகளைக் கொண்டு இனி வரவுசெலவைக் கணக்கிடலாம். உயிர் எடை கிலோ ரூ.400 எனக் கொண்டால், குட்டிகளின் விலை ரூ.48,000. குட்டிக்கு ரூ.1,530 வீதம் தீவனச் செலவு ரூ.15,300, மருந்துக்கு ரூ.1,500. ஆக மொத்தச் செலவு ரூ.64,800. நாளொன்றுக்கு நூறு கிராம் வீதம் தொண்ணூறு நாளில் ஒன்பது கிலோ கூடினால், ஒவ்வொன்றும் இருபத்தொரு கிலோ இருக்கும். விற்பனை வரவு ரூ.84,000, மிச்சம் ரூ.19,200. கொட்டில் செலவும் உழைப்பின் கூலியும் இதில் சேரவில்லை.

அதே தீவனத்தைத் தின்று நாளொன்றுக்கு ஐம்பது கிராம் மட்டுமே கூடினால், வரவு ரூ.66,000 ஆகக் குறைந்து ரூ.1,200 மட்டுமே மிஞ்சும். ஒரு கிலோ எடை கூடுவதற்கு முன்னதில் ஆன செலவு ஏறத்தாழ ரூ.187, பின்னதில் ரூ.373. வளர்ப்பவரின் மூன்று மாத உழைப்பு பயன் தருமா என்பதை இந்த ஐம்பது கிராமே முடிவு செய்கிறது.

இவ்வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிய இயலாது. பதினைந்து நாளுக்கொரு முறை காலையில், தீவனம் வைக்கும் முன், ஒவ்வொரு குட்டியையும் எடைபோட்டுக் குறித்தல் வேண்டும். ஒன்றரைக் கிலோ கூட வேண்டிய இடைவெளியில் முக்கால் கிலோவே கூடிய குட்டிக்கு முதலில் சாணப் பரிசோதனை செய்து குடற்புழு உண்டா எனப் பார்க்கவேண்டும். அதன்பின்னும் தேறாத குட்டியைத் தொண்ணூறு நாள் வரை காத்திராமல் விற்றுவிடுதலே நட்டத்தைக் குறைக்கும் வழி.