இடது கைப் பக்கம் ஒரு குளம்

கேள்வி: எனக்கு வயது 43. பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஒரே ஊர் என் கனவில் வருகிறது. மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோடு சரிவாகக் கீழே போகும். இடது கைப் பக்கம் தண்ணீர். குளமா, ஏரியா என்று தெரியாது. சரிவு முடிகிற இடத்தில் வலப்புறம் திரும்பினால் வெளிப்பக்கமாக மாடிப்படி வைத்த ஒரு வீடு, நீலக் கதவு. கடைகள் ஒவ்வொரு தடவையும் மாறும். ஒருநாள் ஜவுளிக்கடை இருந்த இடத்தில் இன்னொரு நாள் மருந்துக்கடை இருக்கும். ஆனால் வழி மட்டும் மாறாது. யாரையும் கேட்காமல் நானே நடந்து போவேன். அப்படி ஒரு ஊருக்கு நான் போனதே இல்லை. விழித்த பிறகும், சொந்த ஊரை விட்டு வந்தது மாதிரி நெஞ்சு கனத்துக் கிடக்கிறது. மாமியார் போன ஜென்மத்து ஊர் என்கிறார். நான் தேடிப் போகலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைகள் மாறும், வழி மாறாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் உங்களுக்கு வந்தது போலவே கனவு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டுக்குப் பல வருடங்களாக ஒரு இடம் கனவில் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு இடது பக்கமாக ஒரு இருட்டான இடம். அதற்குள் விகாரமான மணற்கல் சிலைகள் சில மின்னிக்கொண்டு நிற்கும். ஏதோ பீர் கடையின் வாசல் போலிருக்கிறது என்று லேசாகத் தோன்றும். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடாது. அது எந்த ஊர், ஏன் வருகிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கனவுகளை அலசுவதையே தொழிலாகக் கொண்டவர் அவர்!

1907-இல் இத்தாலியில் உள்ள பதுவா நகரத்துக்குப் போனார். 1895-இல் ஒருமுறை அங்கே போயிருக்கிறார். அப்போது ஜியோட்டோவின் சுவரோவியங்கள் இருக்கும் தேவாலயத்தைப் பார்க்கக் கிளம்பி, இன்றைக்கு அது மூடியிருக்கிறது என்று வழியில் யாரோ சொல்ல, பாதியிலேயே திரும்பிவிட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து அதே தெருவில் நடக்கும்போது, இடது பக்கம், முன்பு திரும்பிப்போன இடமாக இருக்கலாம் என்று அவர் நினைத்த இடத்திலேயே, அந்தச் சிலைகள் நின்றன. ஒரு உணவகத் தோட்டத்தின் வாசல் அது. கனவுகள் பற்றிய தன் நூலின் பிற்பதிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர் அந்த வாசலைப் பார்க்கப் போகவில்லை. வேறொன்றைப் பார்க்கப் போனபோது கடைக்கண்ணில் பட்டது. பார்த்தது மறந்துவிட்டது, ஆனால் இடது பக்கம் என்பது மறக்கவில்லை. உங்கள் கனவிலும் தண்ணீர் எப்போதும் இடது கைப் பக்கம்தான்.

ஒன்றைப் பார்த்த நினைவு நம்மிடம் இரண்டு விதமாகத் தங்குகிறது. எங்கே, எப்போது, யாரோடு என்று சொல்லக்கூடிய நினைவு ஒன்று. எதுவும் சொல்ல வராமல் 'தெரிந்தது' என்ற உணர்வு மட்டும் எழுவது இன்னொன்று. சந்தையில் ஒரு முகத்தைப் பார்க்கிறோம். தெரிந்த ஆள்தான், ஆனால் எந்த ஊர், என்ன பெயர் என்று வராது. முகத்துக்கு நேர்வது இடத்துக்கும் நேரும். முதலாவது அழிந்த பிறகும் இரண்டாவது உயிரோடு இருக்கும்.

இதை அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் கிளியரி என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். அந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. தி சிம்ஸ் 2 என்ற கணினி விளையாட்டைக் கொண்டு பல இடங்களை உருவாக்கி, தலையில் மாட்டும் திரை வழியாக ஆட்களுக்குக் காட்டினார்கள். முதலில் செடிகளை வெட்டி அழகாக வைத்த ஒரு தோட்டம். பிறகு, வேறு பல இடங்களுக்கு நடுவே, பழைய சாமான் குவிக்கிற ஒரு இடம். தோட்டத்தில் செடி நின்ற இடத்திலெல்லாம் இங்கே சாமான் குவியல். பாதை போகிற விதமும் அதேதான். பொருள் எதுவும் ஒன்றில்லை, அமைப்பு மட்டும் ஒன்று. தோட்டம் ஞாபகத்துக்கு வராதவர்களும், இப்படி அமைப்பு ஒத்துப்போன இடங்களைப் பார்க்கும்போது, இங்கே முன்பே வந்திருக்கிறேன் என்ற உணர்வை மற்ற இடங்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். பொருளை மாற்றினாலும் எலும்புக்கூடு ஒன்றாக இருந்தால் பழகிய உணர்வு வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் கனவுக்கு வாருங்கள். ஜவுளிக்கடை மருந்துக்கடையாகிறது, சரிவும் திருப்பமும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் சொந்தம் கொண்டாடுவது அந்த எலும்புக்கூட்டோடுதான் என்று நினைக்கிறேன். அதன் மேல் கனவு ஒவ்வொரு இரவும் கையில் கிடைத்த கடையைக் கட்டிவிடுகிறது. ஒரு கனவு ஒரே இடத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. மாடிப்படி ஒரு ஊரிலிருந்தும் தண்ணீர் இன்னொரு ஊரிலிருந்தும் வந்திருக்கலாம்.

அப்படியானால் கனவில் ஏன் சந்தேகமே வருவதில்லை? விழித்திருக்கும்போது 'தெரிந்த இடம்' என்று தோன்றினால், எப்போது வந்தோம் என்று உள்ளே ஒரு குரல் உடனே கணக்குக் கேட்கும். கனவு அதிகம் வருகிற தூக்கக் கட்டத்தில், அந்தக் கணக்கைக் கேட்கிற நெற்றிப் பக்க மூளைப் பகுதி அடங்கிக் கிடக்கிறது. இடங்களை உருவாக்குகிற பகுதிகளோ வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அதனால் பழகிய உணர்வு தட்டிக்கேட்க ஆளில்லாமல் அப்படியே நிலைத்துவிடுகிறது. 'இங்கே பல தடவை வந்திருக்கிறேன்' என்ற எண்ணமே கனவின் ஒரு பகுதியாக, அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததாகவும் இருக்கலாம். போன மாதக் கனவின் ஞாபகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். பத்து வருடம் கனவில் நடந்த தெரு, நடந்து பழகிய தெருதானே? நெஞ்சு கனப்பதில் வியப்பில்லை.

தான் அனுபவித்ததே தெரியாத ஒன்றும் கனவில் வருமா என்று நீங்கள் கேட்கலாம். வரும். 2000-ஆம் ஆண்டு ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் சிலரை டெட்ரிஸ் விளையாட்டை ஆடவைத்தார்கள். அதில் ஐந்து பேர், புதிதாக எதுவும் நினைவில் நிற்காத அளவுக்கு மூளை பாதிக்கப்பட்டவர்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் தூங்கத் தொடங்கும்போது கட்டங்கள் கண்ணுக்குள் விழுவதாக அவர்களில் மூன்று பேர் சொன்னார்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில், குடும்ப விவரம் சொல்லும்போது போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: அப்பா மின்வாரியத்தில் இருந்ததால் ஐந்து வயதுவரை நீலகிரியில் ஒரு குடியிருப்பில் இருந்தோம், எனக்கு ஒன்றும் நினைவில்லை, அக்காவுக்குத்தான் தெரியும் என்று. மலைப்பகுதி, சரிவான ரோடு, பக்கத்தில் அணைத் தண்ணீர். அந்த ஊர்தான் இது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் பார்த்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. ஆனால் தேடுவதென்றால் முதலில் அங்கேதான் தேடுவேன்.

அதற்கு ஒரு முறை உண்டு. தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கனவு வந்ததும், எழுந்து விளக்கைப் போடுவதற்குள் முகங்களும் நிறங்களும் போய்விடும், போகட்டும். வழியை மட்டும் வரையுங்கள்: எங்கே இறங்கினீர்கள், ரோடு எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர் எந்தக் கை, எத்தனை திருப்பம், படிக்கட்டு வீட்டின் எந்தப் பக்கம். தேதி போடுங்கள். நாலு கனவுக்கு நாலு படம், பழைய படத்தைப் பார்க்காமல். நாலும் ஒத்துப்போகிறதா என்று பிறகு பாருங்கள். பலருக்கு ஒத்துப்போகாது; ஒரே ஊர் என்ற உணர்வு மட்டும் ஒன்றாக இருக்கும். அப்படியென்றால் தேடுவதற்கு ஒரு ஊர் இல்லை என்று அர்த்தம். ஒத்துப்போனால் அக்காவிடம் போங்கள். கனவைப் பற்றி வாய் திறக்காமல், பஸ் ஸ்டாப்பிலிருந்து குடியிருப்புக்கு வருகிற வழியை வரைந்து தரச் சொல்லுங்கள். முதலிலேயே கனவைச் சொல்லிவிட்டால், அவரையும் அறியாமல் அவருடைய பென்சில் உங்கள் கனவைப் போலவே வளைந்துவிடும். இரண்டு படங்களையும் வைத்துப் பார்க்கும்போது நிறத்தையும் கதவையும் விட்டுவிடுங்கள். சரிவு, பக்கம், திருப்பம் இவை மூன்றும் வரிசையாக ஒத்துவந்தால் நம்பலாம். நீலக் கதவு மட்டும் ஒத்துவந்தால் நம்பாதீர்கள், நீலக் கதவு இல்லாத ஊர் ஏது?

படம் எதுவும் வரையாமல் ஊர் ஊராகத் தேடிப் போவது எனக்கு உடன்பாடில்லை. சரிவும் குளமும் உள்ள ஏதாவது ஓர் ஊரில் 'இதுதான்' என்று மனம் நின்றுவிடும். அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்றுகூடத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். கிளியரி 2018-இல் இதையும் சோதித்தார். பழகிய உணர்வு வந்த நேரத்தில், அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு உறுதி அதிகமாக இருந்தது, ஆனால் குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் சரியாக வந்தது. போன ஜென்மம் பற்றி உங்கள் மாமியாரின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் பழகிய உணர்வு எவ்வளவு பலமாக இருந்தாலும், அதை மட்டும் வைத்து அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

ஒன்றே ஒன்றில் கவனமாக இருங்கள். இந்தப் பழகிய உணர்வு விழித்திருக்கும்போது, பகலில், திடீர் திடீரென்று வந்தால், அதோடு வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போலவோ, இல்லாத வாசனை வருவது போலவோ, சில நொடி நினைவு தப்புவது போலவோ இருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் வருகிற ஒருவகை வலிப்பு இப்படித் தொடங்கும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. தூக்கத்தில் மட்டும் வருகிற ஊருக்கு மருந்து வேண்டாம்.

அக்காவிடமிருந்து படம் வந்ததும், மடித்த கடுதாசியாக இருந்தால் உடனே பிரிக்காதீர்கள். உங்கள் நாலு படங்களையும் எடுத்து மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, பிறகு பிரியுங்கள்.