சங்கத்தின் பத்திரிகைக் கோப்பு

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், அருவிக்கு வரும் கூட்டத்தோடு பத்திரிகை நிருபர்களும் வந்து சேர்கின்றனர். அருவியைப் பற்றி எழுதிய பின், அக்கம்பக்கத்து விளைபொருள்களைப் பற்றியும் சில வரிகள் எழுத விரும்புவது அவர்கள் வழக்கம். நண்பகலில் சங்கத்தின் விற்பனைக் கடைக்கு வருகிற நிருபருக்கு அன்று மாலைக்குள் விவரம் வேண்டும். அவ்வேளையில் காரியதரிசி வாயால் சொல்வதைக் குறித்துக்கொண்டு போனால் பெயரிலும் ஆண்டிலும் பிழை நேரும். அச்சேறிய பிழையோ அடுத்தடுத்த பத்திரிகைகளுக்கும் பரவும். ஆகவே, சங்கத்தைப் பற்றிய செய்தி நறுக்குகள், இலச்சினை, சிறு அறிமுகக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரு கோப்பாக முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்தல் நன்று. அதனைச் செய்யும் முறையை இங்கே காண்போம்.

விளக்கத்தின் பொருட்டு, தென்காசி மாவட்டம் புளியங்குடி வட்டாரத்தில் எலுமிச்சை பயிரிடுவோர் 140 பேர் சேர்ந்த ஒரு சங்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அச்சங்கம் பழமும் ஊறுகாயும் விற்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு கடையும் போடுகிறது.

முதலாவது, நறுக்குகள். செய்தியை மட்டும் கத்தரித்து ஒட்டி வைப்பதே நம்மவர் பழக்கம். சில ஆண்டுகள் சென்றபின் அது எந்தப் பத்திரிகை, எந்த நாள் என்பது எவருக்கும் தெரியாமற் போகும். ஆதலால் கத்தரிக்குமுன் பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு பதிவேட்டில் பத்திரிகையின் பெயர், பதிப்பு, தேதி, பக்கம், தலைப்பு ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். இவற்றுள் பதிப்பு என்பதைப் பலர் விட்டுவிடுகின்றனர். மாவட்டச் செய்திகள் திருநெல்வேலிப் பதிப்பில் மட்டும் வெளிவந்து, சென்னைப் பதிப்பில் இல்லாமற் போவதுண்டு. பதிப்பைக் குறிக்காவிட்டால், பின்னாளில் தேடுகிறவர் அப்படி ஒரு செய்தியே வரவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடும்.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். தென்காசி தனி மாவட்டமாக அமைந்தது 2019 நவம்பரில்தான். அதற்கு முந்திய நறுக்குகளில் புளியங்குடி திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். செங்கோட்டையோ 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்தது. பழைய நறுக்கில் உள்ளதைத் திருத்தக் கூடாது. பதிவேட்டில் அதன் அருகே இப்போதைய மாவட்டத்தின் பெயரைக் குறித்தால் போதுமானது.

இனி முக்கியமான பாகுபாடு ஒன்று உண்டு. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. நமது கற்பனைச் சங்கம் அந்த நறுக்குகளையெல்லாம் 'எங்களைப் பற்றிப் பத்திரிகைகள்' என்னும் தலைப்பில் சேர்க்கலாமா? கூடாது. அவை பழத்தைப் பற்றியவை; சங்கத்தைப் பற்றியவை அல்ல. பதிவேட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். அவ்வாறே, சங்கம் பணம் கொடுத்து வெளியிட்ட விளம்பரத்தையும் செய்தி என்று காட்டலாகாது. விவரம் தெரிந்த நிருபர் ஒருவர் இக்கலப்பைக் கண்டுவிட்டால், கோப்பில் உள்ள மெய்யான செய்திகளையும் ஐயுறுவார்.

நறுக்குகளைச் சங்கத்தில் வைத்துக்கொள்வது ஒன்று. படி எடுத்துப் பலருக்கு வழங்குவது வேறொன்று. செய்திக்கும் அதில் உள்ள படத்துக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளர் உண்டு. முழுச் செய்தியையும் அச்சிட்டு வழங்க விரும்பினால், அப்பத்திரிகை அலுவலகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுவதே முறை. அனுமதி வரும் வரை தலைப்பு, தேதி, ஒரு வரி மேற்கோள் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த மேற்கோளும் நேர்மையாக இருத்தல் வேண்டும். 'ஊறுகாய் சுவையானது, எனினும் விலை மிகுதி' என்று நிருபர் எழுதியிருந்தால், முற்பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவது அவர் கூறாததைக் கூறியதாகச் செய்துவிடும்.

இரண்டாவது, இலச்சினை. நமது சங்கத்தின் இலச்சினை, இரண்டு இலைகளோடு கூடிய ஒரு பழமும் அதைச் சுற்றிச் சங்கத்தின் முழுப் பெயரும் என்று கொள்வோம். கடைப் பலகையில் அது அழகாகத் தோன்றும். ஆனால் நாளிதழின் ஒரு பத்தி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலமே உடையது. அதில் இலச்சினைக்குக் கிடைக்கும் இடம் 2 சென்டிமீட்டர் இருக்கலாம். செய்தித்தாளில் மை சற்றுப் பரவுவதால் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆகவே, இலச்சினையை 2 சென்டிமீட்டர் அகலத்தில், கறுப்பு மையில், மலிவான தாளில் அச்சிட்டுக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பெயர் படிக்க இயலாவிட்டால், பழமும் குறும்பெயரும் மட்டுமுள்ள எளிய வடிவம் ஒன்றையும் வரையச் செய்து கோப்பில் சேர்க்க வேண்டும்.

இலச்சினை வரைந்தவரிடம் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டுருக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புகைப்படத்துக்கோ அளவு கணக்கு உண்டு. இரண்டு பத்தி அகலம் 8 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் ஏறக்குறைய 630 புள்ளிகள் தேவை. அகலத்தில் 1,000 புள்ளிகளுக்குக் குறையாத படமாயின் கவலையில்லை. கைப்பேசிச் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் சுருங்காது.

மூன்றாவது, அறிமுகக் குறிப்பு. ஒரு வாக்கியத்தில் ஒன்றும், நான்கு வாக்கியங்களில் ஒன்றுமாக இரண்டு எழுதி வைத்தால் போதும். நிருபருக்கு இருக்கும் இடத்தைப் பொறுத்து அவர் ஒன்றை எடுத்துக்கொள்வார். நமது சங்கத்தின் காரியதரிசி முதலில் இவ்வாறு எழுதினார் என்க: 'புவிசார் குறியீடு பெற்ற உலகப் புகழ் வாய்ந்த எலுமிச்சையை வழங்கும் தலைசிறந்த சங்கம்.' இதில் சங்கத்தைப் பற்றிய செய்தி ஒன்றுமில்லை. அன்றியும், ஒரு பொருளுக்குக் குறியீடு பதிவானதாலேயே அவ்வட்டாரத்தார் அனைவரும் அதைப் பயன்படுத்தும் உரிமை பெறுவதில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடுவோர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம்மைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் ஏட்டில் தம் பெயர் ஏறும் முன், சங்கம் அக்குறியீட்டையும் அதன் சின்னத்தையும் தன்னுடையதாகக் காட்டலாகாது. நெசவாளர் சங்கங்கள் கைத்தறி முத்திரையைக் கையாளும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

திருத்திய வாக்கியம் இது: 'தென்காசி மாவட்டம் புளியங்குடி வட்டாரத்தில் எலுமிச்சை பயிரிடும் 140 அங்கத்தினர்களைக் கொண்ட இச்சங்கம், பழத்தையும் ஊறுகாயையும் நேரடியாக விற்கிறது.' எங்கே, யார், எத்தனை பேர், என்ன செய்கின்றனர் என்னும் நான்கு கேள்விகளுக்கும் இதில் விடை உண்டு. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டைக் கொண்டு ஒவ்வொரு சொல்லையும் மெய்ப்பிக்கவும் முடியும். பெரிய குறிப்பில் பதிவான ஆண்டு, விற்பனை இடம், தொடர்புக்குரிய அலுவலரின் பதவி ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

இறுதியாக ஒன்று. அங்கத்தினர் எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறுகிறது. ஆகவே குறிப்பின் அடியில், எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுத வேண்டும். மகாசபைக் கூட்டத்தில் கணக்கு நிறைவேறியதும் கோப்பையும் ஒருமுறை திருத்திவிட்டால், அடுத்த சாரலுக்கு வரும் நிருபரின் கையில் பழைய எண் போய்ச் சேராது.