கையெழுத்துக்கு முன்பே நேரத்தைப் பேசிவிடுங்கள்

குழந்தைக்காகச் சில வருடம் வேலையை விட்டிருந்து திரும்புகிறவர்கள் பலர், ஆஃபர் கைக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள். "முதல்ல சேர்ந்துடலாம், நல்ல பேர் எடுத்துட்டு அப்புறம் நேரத்தைப் பத்திக் கேட்டுக்கலாம்" என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தலைகீழ். சேர்ந்த பிறகு கேட்டால் அது சலுகை, தந்தாலும் தரலாம், மறுத்தாலும் மறுக்கலாம். "உங்களைத்தான் எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நாட்களில்தான் கம்பெனி இறங்கிவரும். இன்னொன்றும் உங்கள் பக்கம் இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு, மூன்று மாதம் நோட்டீஸ் பீரியட் இருக்கும். உங்களால் அடுத்த திங்கட்கிழமையே சேர முடியும். மேனேஜருக்கு இது சின்ன விஷயமில்லை.

சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. மகப்பேறு பலன் சட்டத்தின் 2017 திருத்தம் வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசியது. ஆனால் அது அதே நிறுவனத்தில் மகப்பேறு விடுப்பு முடித்துத் திரும்புகிறவருக்கு, அதுவும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். புதிதாகச் சேர்கிறவருக்குப் பேச்சுவார்த்தை ஒன்றே வழி. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அது எங்கே இருக்கிறது, எந்த வயதுவரை சேர்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் ஹெச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேசப் போகும் முன் ஒரு தாளில் உங்கள் நாளை மணிக்கணக்காக எழுதுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். வீடு வேளச்சேரி, ஆபீஸ் சிறுசேரி, வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், குழந்தை எல்கேஜி. பள்ளி விட்டதும் டே கேர். அது மாலை 6.30க்கு மூடிவிடும். கிளையன்ட் நியூயார்க்கில், தினமும் நம் நேரப்படி இரவு 7 மணிக்கு கால். குழந்தையை அனுப்பிவிட்டுக் கிளம்பினால் 9.30க்கு ஆபீஸ் போய்விடலாம். ஓஎம்ஆர் நெரிசலில் டே கேர் மூடுவதற்குள் வந்து சேர வேண்டுமானால் 4.45க்கு எழுந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி போக, ஆபீசில் ஆறரை மணி நேரம். இரவு வீட்டிலிருந்து 7 முதல் 8.30 வரை காலும் அதன் பின்வேலையும். ஆக எட்டு மணி நேரம் முழுசாக வந்துவிடுகிறது. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்போது இதே கால் நமக்கு 8 மணிக்கு மாறும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தத் தாள் கையில் இருந்தால் "கொஞ்சம் ஃப்ளெக்சிபிளா இருந்தா நல்லா இருக்கும்" என்று இழுக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் "அதெல்லாம் நம்ம டீம் ரொம்ப ஃப்ளெக்சிபிள் மேடம்" என்று பதில் வரும். அதற்கு இரவு பத்து மணிக்கும் ஆன்லைனில் இருக்க வேண்டும் என்றுகூட அர்த்தம் இருக்கலாம்!

தாளைப் பார்த்து இன்னொரு முடிவும் எடுங்கள்: உங்களுக்கு நாள் முக்கியமா, நேரம் முக்கியமா? நம் உதாரணத்தில் நேரம்தான். வாரம் நாலு நாள் ஆபீஸ் போனாலும் சமாளிக்கலாம், 4.45க்குக் கிளம்ப முடியாவிட்டால் ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியாது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது பேச்சு தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெச்ஆரின் முதல் போன் காலில் எதையும் கேட்டு வாங்க முயல வேண்டாம். "இந்த டீம்ல வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ் வர்றாங்க?" என்று தகவலாக விசாரித்துக்கொண்டால் போதும். ஐந்து நாளும் கட்டாயம், வேறு பேச்சே இல்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், நான்கு சுற்று இன்டர்வியூ மிச்சம். ஆஃபர் என்று வாய்மொழியாகச் சொன்னதும், சம்பளம் பேசும் அதே காலில் உங்கள் ஏற்பாட்டையும் வையுங்கள். அதற்கு முன் மேனேஜரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். ஹெச்ஆர் பாலிசியைச் சொல்வார், விதிவிலக்கு கேட்டு எழுத வேண்டியவர் மேனேஜர்.

அவரிடம் இப்படிப் பேசலாம்: "செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ் வர்றேன். 9.30லேர்ந்து 4.45. கிளையன்ட் காலை வீட்லேர்ந்து எடுத்துப்பேன், அதுல ஒரு நாளும் தவற மாட்டேன். முதல் நாலு வாரம் அஞ்சு நாளும் வர்றேன், டீமோட பழகணும். ரிலீஸ் வாரத்துல கூடுதலா ஒரு நாள் வர முடியும். மூணு மாசம் கழிச்சு எப்படிப் போகுதுன்னு பார்த்துக்கலாம்." குடும்பக் கதை வேண்டாம். "மாலையில் குழந்தையை அழைத்து வரும் பொறுப்பு எனக்கு" என்ற ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த நாலு வாரம் குழந்தையை யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிக்காமல் இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.

"பாலிசி வாரம் நாலு நாள், அதுல கை வைக்க முடியாது" என்று பதில் வந்தால், நாலு நாளுக்கு ஒத்துக்கொண்டு 4.45ஐ உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "ப்ரொபேஷன் முடியட்டும்" என்பது இன்னொரு பதில். ஆறு மாதம் என்பதை மூன்றாகக் குறைக்கக் கேளுங்கள், ஆனால் கிளம்பும் நேரம் முதல் நாளிலிருந்தே வேண்டும். "அப்ப சம்பளத்துல கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்றும் சிலர் கேட்பார்கள். எட்டு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேரச் சம்பளம்தான். மணி நேரம் நிஜமாகவே குறைந்தால் அதே விகிதத்தில் சம்பளம் குறையலாம், அப்போது வேலைப் பளுவும் அதே அளவு குறையும் என்று எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் ஆறு மணி நேரச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் எட்டு மணி நேரம் உழைக்கிறார்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் அட்டெண்டன்ஸ். மேனேஜர் சரி என்று சொல்லியிருப்பார், கதவில் கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு அது தெரியாது. ஆபீசுக்குள் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதை ஸ்வைப் கணக்கில் பார்க்கும் கம்பெனியில், 9.30க்கு வந்து 4.45க்குப் போனால் தினமும் குறைவு என்று காட்டும். மாதக் கடைசியில் லீவில் கழிப்பார்கள், அல்லது விளக்கம் கேட்டு மெயில் வரும். ஆகவே ஹெச்ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இரவு வீட்டிலிருந்து செய்யும் ஒன்றரை மணி நேரம் கணக்கில் சேருமா? ஆபீஸ் நாட்களை வாரா வாரம் எண்ணுகிறீர்களா, மாதச் சராசரியா? ஆபீஸ் வர வேண்டிய நாளில் அரசு விடுமுறையோ லீவோ வந்தால் ஈடு செய்ய வேண்டுமா?

பேசி முடித்த அன்றே மெயில் அனுப்புங்கள். ஹெச்ஆருக்கு எழுதி, மேனேஜரையும் சேருங்கள்: "இன்று பேசியபடி: செவ்வாய், புதன், வியாழன் அலுவலகம், காலை 9.30 முதல் மாலை 4.45 வரை, இரவு 7 முதல் 8.30 வரை வீட்டிலிருந்து. திங்கள், வெள்ளி வீட்டிலிருந்து. முதல் நான்கு வாரம் ஐந்து நாளும் அலுவலகம். வருகைப் பதிவில் இரவு நேரமும் சேரும். மாற்றம் தேவைப்பட்டால் 30 நாள் முன்னறிவிப்பு. இதை ஆஃபர் லெட்டரிலோ இணைப்பிலோ சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." பேசி முடிந்தது வேறு மாதிரி என்றால் அதை எழுதுங்கள். வந்த ஆஃபர் லெட்டரில் "வேலை நேரம் நிறுவனத் தேவைக்கேற்ப மாறலாம்" என்ற வரி எப்படியும் இருக்கும், அதை எடுக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த 30 நாள் முக்கியம். வேறு டே கேர் பார்க்கவோ வேறு வேலை தேடவோ அவ்வளவு அவகாசமாவது வேண்டும்.

லெட்டரில் சேர்க்க முடியாது என்றால், மேனேஜரிடமிருந்து "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி பதிலாவது வாங்கி, உங்கள் சொந்த மெயில் முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மாறினால் புதியவரிடம் காட்ட அதுதான் இருக்கும். ஆஃபருக்கான கடைசி தேதி நெருங்கியும் அந்த ஒரு வரி வரவில்லையா? இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குப் பிறகும் எழுதித் தரத் தயங்கினால், வாயால் சொன்னதை அவர்கள் செய்ய மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.