வட்டம் ஏன் தட்டையானது?

ஆஸ்பத்திரி லேப் பயிற்சியில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

கொத்தனார் ஒருவருக்குக் காலில் கட்டி. சீழைக் கல்ச்சர் போட்டதில் ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. முல்லர் ஹின்டன் பிளேட்டில் கிருமியைப் பரப்பி, எரித்ரோமைசின் டிஸ்க்கை ஓர் ஓரத்திலும் கிளிண்டாமைசின் டிஸ்க்கை எதிர் ஓரத்திலும் வைத்தேன். மறுநாள் எரித்ரோமைசினைச் சுற்றி ஜோனே இல்லை. கிளிண்டாமைசினுக்கு 24 மி.மீ., நல்ல வட்டம். 21 மி.மீ. இருந்தாலே சென்சிடிவ் என்று சார்ட் சொல்கிறதே! அப்படியே எழுதி நீட்டினேன்.

சீனியர் டெக்னீஷியன் அக்கா கையெழுத்துப் போடவில்லை. "ஒண்ணு ரெசிஸ்டன்ட், இன்னொண்ணு சென்சிடிவ்னு வந்தா டி டெஸ்ட் பார்க்காம விடக்கூடாதுப்பா. ரெண்டையும் பக்கத்துல வச்சுத் திரும்பப் போடு" என்றார்.

இந்த முறை 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க்கையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் டிஸ்க்கையும், ஓரத்துக்கு ஓரம் 20 மி.மீ. இடைவெளி விட்டு வைத்தேன். (ஸ்டபைலோகாக்கஸுக்கு 15 முதல் 26 மி.மீ. வரை விடலாம்.) 35 டிகிரியில் 18 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கிளிண்டாமைசின் வட்டம் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் கத்தியால் சீவினாற்போல் தட்டையாக இருந்தது. மற்ற பக்கம் டிஸ்க்கின் நடுவிலிருந்து 12 மி.மீ., இந்தப் பக்கம் 8 தான். ஆங்கில எழுத்து 'டி' மாதிரியே!

காரணம் இதுதான். இரண்டு மருந்துமே கிருமியின் ரைபோசோமில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் ஒட்டுகின்றன. இந்தக் கிருமியிடம் இருக்கும் 'எர்ம்' ஜீன், அந்த இடத்தில் மெத்தில் சேர்த்து மருந்து ஒட்டாதபடி செய்துவிடும். ஆனால் ஜீன் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். எரித்ரோமைசின் வந்தால் எழுந்துகொள்ளும். கிளிண்டாமைசின் அதை அவ்வளவாக எழுப்புவதில்லை. அகாரில் எரித்ரோமைசின் பரவிய பக்கத்துக் கிருமி மட்டும் விழித்துக்கொண்டு கிளிண்டாமைசினையும் தாங்கி வளர்ந்தது. நான் முதலில் வைத்த தூரத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் அந்த ஏமாற்று வட்டம்.

அப்படியானால் எரித்ரோமைசின் கொடுக்காமல் கிளிண்டாமைசின் மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். கோடிக்கணக்கான கிருமிகளில் சிலவற்றில் அந்த ஜீன் மாறிப்போய் எப்போதும் விழித்தே இருக்குமாம். மருந்து மற்றதையெல்லாம் கொன்றுவிட, இவை மட்டும் பெருகிவிடும். ஆறுவதுபோல் இருந்த புண் மறுபடி சீழ் பிடிக்கும்.

பக்கத்தில் வைத்தும் வட்டம் தட்டையாகாத கிருமிகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் எரித்ரோமைசினை ரைபோசோமிலிருந்து தள்ளிவிடும் புரதம்தான் இருக்கும். அது கிளிண்டாமைசினைத் தொடாது, சென்சிடிவ் என்றே தரலாம். எல்லாவற்றையும் ரெசிஸ்டன்ட் என்று எழுதிவிட்டால் நல்ல மருந்து ஒன்று வீணாகப் போகும். ஆனால் ஜோனுக்குள் மங்கலாக வளர்ச்சி தெரிந்தால், தட்டையாக இல்லாவிட்டாலும் ரெசிஸ்டன்ட்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் இடைவெளி 12 மி.மீ.

கொத்தனார் ரிப்போர்ட்டில் 'கிளிண்டாமைசின்: ரெசிஸ்டன்ட், டி டெஸ்ட் பாசிடிவ்' என்று திருத்தி எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டு, வார்டுக்கு என்னையே கொண்டுபோகச் சொன்னார்.