டொலமைட் மூட்டையும் ஒரு துளி நிறமும்

தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், ஆனால் அளவோடுதான். பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடிக்கு நல்லது. வருடக்கணக்காக யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் போட்டுவரும் மலைகளில் அது இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் மீரியபெத்த இருக்கும் கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து பண்டாரவளை, பதுளை வரை கவ்வாத்துக் காலத்தையொட்டி மலைக்கு டொலமைட் தூள் போடுகிறார்கள். வாங்கிய மூட்டையில் இருப்பது உண்மையிலேயே அமிலத்தை அடக்கும் தூளா, பாதி மண்ணா என்பதை உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்திலேயே நியமிப்புச் செய்து பார்த்துவிடலாம். அந்த வேலையைத் தொட்டதும் காட்டியைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். காயவைத்து நன்றாக அரைத்த தூளில் 0.500 கிராம் எடுத்து, அதில் லீற்றருக்கு 0.5 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 25.0 மில்லிலீற்றரைக் குழாயியால் விட வேண்டும். தூள் தனக்கு வேண்டிய அமிலத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் அமிலத்தை, 0.1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டை அளவியிலிருந்து விட்டு அளக்கிறோம். காட்டி பினோத்தலீன்.

இவ்வளவு சுற்றிவளைக்காமல் அமிலத்தை நேரடியாகவே தூளில் விட்டு, மெதைல் செம்மஞ்சள் நிறம் மாறும் இடத்தைப் பிடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சலவைச் சோடாவுக்கு அது சரிவரும், ஏனென்றால் அது கரைந்து நிற்கிறது. டொலமைட் சுண்ணாம்புக்கல்லைப் போலவும் அல்ல. குளிர்ந்த ஐதான அமிலத்தில் அது மெல்ல மெல்லத்தான் நுரைக்கும். காட்டி சிவந்துவிட்டது என்று அளவியை மூடினால், ஒரு நிமிடத்தில் அடியில் கிடக்கும் தூள் இன்னும் கொஞ்சம் அமிலத்தைக் குடித்துவிட, நிறம் திரும்ப மஞ்சளாகிவிடும். முடிவுப் புள்ளி நம்மைத் தொடர்ந்து ஏமாற்றிக்கொண்டே இருக்கும். அமிலத்தைக் கூடுதலாக விட்டு, சூடாக்கி, தூளை முழுதும் கரைத்தபின் மிச்சத்தை அளப்பது இதனால்தான்.

அடுத்த நம்பிக்கை புத்தகம் படித்தவர்களிடமே அதிகம். நடுநிலை என்றால் பி.எச். 7, ஆகவே 7-இல் நிறம் மாறும் காட்டிதான் சரி, 8.3-இல் தொடங்கும் பினோத்தலீன் பிழையான விடை தரும் என்பது. காட்டியைத் தெரிவுசெய்யப் பார்க்க வேண்டியது 7-ஐ அல்ல. சமவலுப் புள்ளியில் பி.எச். எங்கிருந்து எங்கே தாவுகிறது என்பதையே. குடுவையில் 100 மில்லிலீற்றர் கரைசல் இருந்தால், சமவலுப் புள்ளிக்கு ஒரு துளி முன்னால் பி.எச். சுமார் 4.3. ஒரு துளி தாண்டினால் 9-க்கு மேல். இந்தத் தாவலுக்குள் எந்த இடத்தில் நிறம் மாறினாலும் பிழை ஒரு துளியைத் தாண்டாது. வினாகிரியை இதே சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிக்கும்போதுதான் தெரிவு முக்கியமாகிறது. அசற்றிக் அமிலம் வலிமை குறைந்தது; அதன் சமவலுப் புள்ளி 8.7 அளவில் விழும். அங்கே 3.1-இலிருந்து 4.4-க்குள் மாறும் மெதைல் செம்மஞ்சளைப் போட்டால், மூன்றில் ஒரு பங்கு அமிலம்கூட முடியாத நிலையிலேயே அது மஞ்சளாகிவிடும். அதுவும் ஒரே துளியில் மாறாது, பல மில்லிலீற்றருக்கு இழுத்துக்கொண்டே போகும். நிறம் இப்படி இழுபட்டால், காட்டி தவறு என்று குடுவையே சொல்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் இளஞ்சிவப்பு மறையும் இடத்தில். “சேர், கலர் போயிருச்சு, இன்னுங் கொஞ்சம் விடவா?” என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் சொல்லுமுன் எவ்வளவு நேரத்தில் போனது என்று கேட்க வேண்டும். குடுவையைச் சுழற்றியபின் அரை நிமிடம் நின்று பிறகு மங்கினால் அது முடிவுப் புள்ளிதான். காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டு கரைந்து நிறத்தைக் கெடுக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு துளி விடக் கூடாது. ஐந்தாறு செக்கனில் மறைந்து, விட விட மறைந்துகொண்டே போனால் கதை வேறு. டொலமைட்டிலிருந்து வந்த காபனீரொட்சைட்டு கரைசலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அது தண்ணீருடன் சேர்ந்து அமிலமாக மாறுவது மெதுவாக நடப்பதால், நிறம் முதலில் வந்து பிறகு போகிறது.

இதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்ட அமிலம் 12.5 மில்லிமூல். நன்றாகக் கொதிக்கவைத்த கரைசலுக்கு சோடியம் ஐதரொட்சைட்டு 24.0 மில்லிலீற்றர் போனது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச அமிலம் 2.4 மில்லிமூல், தூள் எடுத்தது 10.1. கல்சியம் காபனேற்றின் வலுவை 100 என்று கொண்டால் இந்தத் தூளின் வலு 101. தூய டொலமைட்டுக்கு அது 108.5 என்பதால் மூட்டை நல்ல மூட்டை. அதே தூளைக் கொதிக்கவைக்காமல் நியமித்து, கரைந்திருந்த வாயுவுக்காக 29.0 மில்லிலீற்றர் போனால் விடை 96-க்கு இறங்கிவிடும். இந்த அளவுகளில் ஒரு மில்லிலீற்றர் பிழை ஒரு சதவீதம். ஒரு துளிப் பிழையோ வெறும் 0.05 சதவீதம். துளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், கொதிக்கவைக்கும் ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மூடியிட்டு மெல்லக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதன்பிறகு நியமிக்க வேண்டும்.

நிறம் ‘நன்றாக’ வர வேண்டும் என்ற ஆசையும் டொலமைட்டில் தனியாகத் தண்டிக்கப்படும். கரைசலில் மக்னீசியம் நிறைய இருக்கிறது. பி.எச். 9-ஐத் தாண்டியதும் அது வெண்ணிறமான மக்னீசியம் ஐதரொட்சைட்டாகப் படியத் தொடங்கும். படியும்போது நாம் விடும் காரத்தை விழுங்கும். அடர்ந்த சிவப்பு வேண்டும் என்று விட்டுக்கொண்டே போனால் கரைசல் பால்போல் மங்கும், சிவப்போ வெளிறும். வெள்ளை ஓட்டின்மேல் குடுவையை வைத்து, பக்கத்தில் வெறும் தண்ணீருள்ள இன்னொரு குடுவையையும் வைத்துக்கொண்டால், மிக மெல்லிய இளஞ்சிவப்பே கண்ணுக்குப் பிடிபடும். பனிமூட்ட நாளில் மஞ்சள் மின்குமிழின் கீழ் பார்ப்பதைவிட ஜன்னலோரம் நல்லது.

காட்டியைத் தாராளமாக ஊற்றினால் தெளிவாகத் தெரியும் என்பதும் சரியல்ல. பினோத்தலீன் கூடினால் நிறம் சற்று முந்தியே தெரியும். மெதைல் செம்மஞ்சள் கூடினால் மாற்றமே மந்தமாகும். இரண்டு துளி போதும். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு துளியாக இருக்க வேண்டும்.

நடுவில் பழுப்புத் துணுக்குகள் மிதந்தால் தூளில் இரும்பு கலந்திருக்கிறது. அதுவும் காரத்தைக் குடிக்கும். அந்த விடையை அப்படியே நம்ப முடியாது. 101 என்ற விடையும் அரைத்த தூளுக்குத்தான் பொருந்தும். மூட்டையில் பரல் பரலாக இருந்தால், சூடான அமிலத்தில் ஐந்து நிமிடத்தில் கரைந்தது மலையில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நியமிப்புக்கு முன்னால் ஒரு கைப்பிடி தூளைச் சல்லடையில் போட்டு, எவ்வளவு மேலே தங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.