ஒப்பந்தப்புள்ளியின் முகப்பு மின்னஞ்சல்

நுழையும்முன்

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய பொருளை வாங்க, விலை கேட்டு அழைப்பு விடுக்கிறது. விற்க விரும்புவோர் தம் ஒப்பந்தப்புள்ளியை அனுப்புகின்றனர். விலைப் பட்டியல், சான்றிதழ், வரைபடம் எனப் பல ஆவணங்கள் கொண்ட அத்தொகுப்பின் முன்னே செல்லும் மடலே முகப்பு மின்னஞ்சல். அது என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

அழைப்பும் முன்மொழிவும்

ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு வெறும் அழைப்பே. அதற்கு விடையாக விற்பவர் அனுப்பும் ஒப்பந்தப்புள்ளியே சட்டத்தின் பார்வையில் முன்மொழிவு ஆகும். வாங்குபவர் அதை ஏற்கும்போது ஒப்பந்தம் உருவாகிறது. அவ்வாறு ஏற்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. எனவே முகப்பு மின்னஞ்சலை மரியாதைக்காக எழுதும் மடல் என்று எண்ணிவிடலாகாது. அதில் உள்ள ஒவ்வொரு தொடரும் முன்மொழிவின் பகுதியாகவே படிக்கப்படும்.

தமிழ்நாட்டில் அரசுத் துறைகளின் கொள்முதலுக்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உண்டு. இணையவழி ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்போது ஆவணங்களை அதற்கான இணையதளத்திலேயே பதிவேற்ற வேண்டும். மின்னஞ்சல் அங்கே செல்லாது. தனியார் கல்லூரிகள், அறக்கட்டளைகள், சிறு நிறுவனங்கள் ஆகியவை மின்னஞ்சலில் கோரும் ஒப்பந்தப்புள்ளிகளைப் பற்றியே இப்பாடம் பேசுகிறது.

ஒரு மாதிரி

கல்லூரி ஒன்று தன் நூலகத்திற்கு 40 எஃகுப் புத்தக அடுக்குகள் வாங்க அழைப்பு விடுக்கிறது. 45 நாள்களுக்குள் பொருளை வழங்க வேண்டும். பொருள் வந்து 30 நாள்களில் பணம் தரப்படும். விலை, கடைசி நாளிலிருந்து 90 நாள்களுக்கு மாறாதிருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கடைசி நாள் 20.06.2025, பிற்பகல் 3 மணி. சிறிய எஃகுப் பட்டறை ஒன்று 18.06.2025 அன்று பின்வருமாறு எழுதுகிறது:

> பொருள்: நூலகத்திற்கு 40 எஃகுப் புத்தக அடுக்குகள் வழங்குதல் – ஒப்பந்தப்புள்ளி அனுப்புதல் – தொடர்பாக.
>
> பார்வை: தங்கள் அழைப்பு எண் 7/2025, நாள் 02.06.2025.
>
> ஐயா / அம்மையீர்,
>
> பார்வையில் காணும் அழைப்பின்படி எங்கள் ஒப்பந்தப்புள்ளியை இத்துடன் அனுப்புகிறோம். அடுக்கு ஒன்றின் விலை ₹8,500. 40 அடுக்குகளின் விலை ₹3,40,000. 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ₹61,200 சேர்த்து மொத்தம் ₹4,01,200 (ரூபாய் நான்கு இலட்சத்து ஆயிரத்து இருநூறு மட்டும்). ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பொருத்துக்கூலி ஆகியன இதில் அடங்கும். பணி ஆணை பெற்ற 45 நாள்களுக்குள் பொருளை வழங்குவோம். இவ்விலை 18.09.2025 வரை மாறாது. தங்கள் அழைப்பில் உள்ள நிபந்தனைகள் அனைத்தையும் மாற்றமின்றி ஏற்கிறோம்.
>
> இணைப்பு:
> 1. கையொப்பமிட்ட விலைப் பட்டியல் – 1 பக்கம்
> 2. பொருளின் அளவு விவரமும் வரைபடமும் – 3 பக்கங்கள்
> 3. வரிப் பதிவுச் சான்றிதழ் – 3 பக்கங்கள்
> 4. முன்னர் முடித்த பணிகளுக்கான சான்றுகள் – 2 பக்கங்கள்
> 5. முன்வைப்புத்தொகை வரைவோலையின் நகல் – 1 பக்கம் (மூல வரைவோலை 17.06.2025 அன்று விரைவஞ்சலில் அனுப்பப்பட்டது)

மடல் சிறியதே. ஆயினும் இதைத் திறக்கும் அலுவலர், எந்த அழைப்புக்கு, என்ன பொருள், என்ன விலை, எந்நாள் வரை என்பவற்றை இணைப்புகளைத் திறக்காமலே அறிந்துகொள்கிறார். '90 நாள்களுக்கு' என்று மட்டும் எழுதினால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற ஐயம் எழும். ஆகவேதான் முடியும் நாளே குறிக்கப்பட்டுள்ளது.

வேண்டாத ஒரு தொடர்

இதே மடலின் இறுதியில், "பணி ஆணையுடன் 50 விழுக்காடு முன்பணம் வழங்கினால் பணியை விரைந்து முடிப்போம்" என்று பட்டறையினர் ஒரு தொடரைச் சேர்த்திருந்தால் என்ன ஆகும்? எழுதியவருக்கு அது பணிவான வேண்டுகோள். படிப்பவருக்கோ அது நிபந்தனை. பொருள் வந்த பின்னரே பணம் என்று அழைப்பு கூறியிருக்க, இவர் முன்பணம் கேட்கிறார். மற்றவர்கள் முன்பணம் இல்லாமல் விலை குறித்திருப்பர். ஆதலால் இவருடைய விலையை அவர்களுடைய விலையோடு நேராக ஒப்பிட இயலாது. நிபந்தனையுடன் கூடிய ஒப்பந்தப்புள்ளி எனக் கூறி, விலை குறைவாக இருந்தாலும் குழு அதை ஒதுக்கிவிடக்கூடும். "நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்கிறோம்" என்ற முந்தைய தொடரும் இவரைக் காக்காது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதே வெளிப்படும்.

முன்பணமின்றிப் பட்டறையால் எஃகு வாங்க இயலாது என்றால், அதைக் கேட்கும் இடம் வேறு. கடைசி நாளுக்கு முன்பே கல்லூரிக்குத் தனியாக எழுதி விளக்கம் கோரலாம். கல்லூரி இசைந்தால் அம்மாற்றத்தை எல்லோருக்கும் அறிவிக்கும். இசையாவிட்டால், பங்கேற்பதா வேண்டாவா என்பதைப் பட்டறையினர் முடிவு செய்துகொள்ளலாம்.

இத்தகைய தொடர்கள் பெரும்பாலும் பழைய மடலைப் படியெடுத்துத் திருத்தும்போதே நுழைகின்றன. மற்றொருவருக்கு எழுதிய மடலின் முன்பணத் தொடர் நீக்கப்படாமல் நின்றுவிடும். அனுப்புமுன் மடலின் ஒவ்வொரு தொடரையும் அழைப்பின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது தென்பட்டுவிடும்.

விலையை எழுதுதல்

மடலில் ₹3,04,000 என்று இலக்கம் மாறியும் விலைப் பட்டியலில் ₹3,40,000 என்று சரியாகவும் இருந்தால், ஒரே முன்மொழிவில் இரண்டு விலைகள் உண்டாகின்றன. இதற்கென்றே பல அழைப்புகளில், எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தே செல்லும் என்றும், அலகு விலையும் மொத்த விலையும் வேறுபட்டால் அலகு விலையே செல்லும் என்றும் விதி இருக்கும். எனவே மடலில் அலகு விலையைக் குறிப்பதும் மொத்தத்தை எழுத்தால் எழுதுவதும் எழுதுபவருக்கே பாதுகாப்பு.

இரு உறை முறையில் இது தலைகீழாகும். அம்முறையில் முதலில் தொழில்நுட்ப உறையைத் திறந்து பொருளின் தகுதியை ஆராய்வர். தகுதி பெற்றவர்களின் விலை உறையை மட்டும் பின்னர்த் திறப்பர். மின்னஞ்சலில் அனுப்பும்போது, விலைக் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பி, திறக்கும் நாளில் கடவுச்சொல்லைத் தருமாறு சில நிறுவனங்கள் கேட்கும். அங்கே முகப்பு மின்னஞ்சலில் விலையை எழுதினால், பூட்டிய கோப்புக்குப் பொருளே இல்லை. ஒப்பந்தப்புள்ளி தள்ளப்படவும் இதுவே காரணமாகலாம். அத்தகைய மடலில் பொருள், வழங்கும் காலம், விலை மாறாதிருக்கும் நாள் ஆகியவற்றைக் கூறி, விலை தனிக் கோப்பில் உள்ளது என்று மட்டும் குறிக்க வேண்டும்.

இணைப்பும் நேரமும்

இணைப்புப் பட்டியல், அழைப்பில் ஆவணங்கள் கேட்கப்பட்ட அதே வரிசையில் அமைவது நல்லது. சரிபார்ப்பவர் அந்த வரிசையிலேயே குறியிட்டுச் செல்வார். கோப்புகளின் பெயரும் பட்டியலோடு பொருந்த வேண்டும். `scan0023.pdf` என்ற பெயரால் ஒன்றும் விளங்காது. `3_GST_Certificate.pdf` என்றால் மூன்றாம் இணைப்பு எனத் தெரியும். பக்க எண்ணிக்கையைக் குறிப்பதற்கும் காரணம் உண்டு. வரைபடத்தின் மூன்றாம் பக்கம் நகலெடுக்கும்போது விடுபட்டால், '3 பக்கங்கள்' என்ற குறிப்பே அதைக் காட்டிக்கொடுக்கும்.

மின்னஞ்சலில் செல்லும் கோப்பு, அனுப்புவதற்காக மாற்றப்படும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. 20 மெகாபைட் கோப்பு வழியில் 27 மெகாபைட் அளவாகிவிடும். பெறுபவரின் அஞ்சல் வழங்கி 25 மெகாபைட் வரையே ஏற்கும் என்றால், மடல் திரும்பிவிடும். திரும்பிய செய்தி அனுப்பியவரின் அஞ்சல் பெட்டிக்கே வரும். அதைப் பார்த்து, கோப்பைச் சுருக்கி மீண்டும் அனுப்ப நேரம் வேண்டும். பட்டறையினர் இரண்டு நாள் முன்னதாக அனுப்பியது இதற்காகவே.

எந்த முகவரிக்கு அனுப்புகிறோம் என்பதும் நேரத்தோடு தொடர்புடையது. பெறுபவர் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டிருந்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மடல் அங்கே நுழைந்த நேரமே பெறப்பட்ட நேரம் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறுகிறது. அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரமே பெறப்பட்ட நேரமாகும். அழைப்பில் உள்ள முகவரியை விடுத்து, முதல்வருடைய சொந்த முகவரிக்கு 20ஆம் நாள் காலை 10 மணிக்கு அனுப்பிய மடலை அவர் மாலையில் திறந்தால், அது 3 மணிக்குப் பின் வந்த ஒப்பந்தப்புள்ளியே.